ஆறு வருடமாகப் பரேட்டோ வரைபடம்: நான் மாற்றிக்கொண்ட மூன்று விஷயங்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். சர்க்யூட் போர்டில் உதிரிகளைப் பொருத்தும் லைன் எங்களுடையது. ஒவ்வொரு மாத முதல் வாரமும், போன மாதக் குறைகளை எக்செல்லில் பரேட்டோ வரைபடமாகப் போட்டுக் கூட்டத்தில் காட்ட வேண்டும். ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். முதல் இரண்டு வருடம் போட்டவற்றை இப்போது எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் திரும்பப் போடத்தான் தோன்றுகிறது.

எங்கள் லைனின் ஒரு மாதக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 250 குறைகள். பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஈயத்தால் ஒட்டிக்கொள்ளும் சால்டர் பிரிட்ஜ் 105, உதிரி விட்டுப்போனது 60, உதிரி ஒரு முனையில் எழுந்து நின்றது 35, ஈயம் போதாதது 20, ஐசி தலைகீழாக உட்கார்ந்தது 12, கீறல் 8, மற்றவை 10. பெரியதிலிருந்து சிறியது வரை பட்டைகளாக அடுக்கி, அவற்றின் மேல் சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு கோட்டை வரைந்தால் பரேட்டோ ஆகிவிடும். கோடு 42, 66, 80 என்று ஏறுகிறது. அதாவது முதல் மூன்று காரணங்களிலேயே ஐந்தில் நான்கு பங்கு குறை அடங்கிவிடுகிறது.

எக்செல் 2016-லிருந்து இதற்கென்றே தயார் வரைபடம் இருக்கிறது. `Insert` பட்டியலில் `Insert Statistic Chart` என்பதற்குள் `Pareto` என்று இருக்கும். அதுவே வரிசைப்படுத்தும், கோட்டையும் அதுவே போடும். அவசரத்துக்கு நல்லதுதான். எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் 'மற்றவை'. மற்றவை என்பது ஒரு காரணமே அல்ல, சில்லறைகளைப் போட்டு வைக்கும் டப்பா. அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசியில்தான் நிற்க வேண்டும். தயார் வரைபடம் அதையும் அளவை மட்டும் பார்த்து நடுவில் செருகிவிடும். மேலே சொன்ன கணக்கில் 10 என்பது 8-ஐத் தாண்டி, கீறலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து கையால்தான் போடுகிறேன்.

கையால் போடுவது கடினமில்லை. A பத்தியில் காரணம், B-யில் எண்ணிக்கை. மற்றவையைத் தவிர மீதியை இறங்கு வரிசையில் அடுக்கி, மற்றவையை எட்டாம் வரியில் வைக்கிறேன். C2-வில் கீழே உள்ளதை எழுதி எட்டாம் வரி வரை இழுத்து, C பத்தியைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

```
=SUM($B$2:B2)/SUM($B$2:$B$8)
```

அப்புறம் மூன்று பத்தியையும் தேர்ந்து `Combo` வரைபடம்: எண்ணிக்கைக்கு `Clustered Column`, சதவீதத்துக்கு `Line`, அதற்கு `Secondary Axis`. C8-இல் 100% வராவிட்டால் சூத்திரத்தைக் கடைசி வரி வரை சரியாக இழுக்கவில்லை என்று அர்த்தம்.

முதல் இரண்டு வருடம் நான் தவறியது இதற்கு அடுத்த படியில். எக்செல் தன் இஷ்டத்துக்கு அச்சுகளை வைக்கும். எங்கள் கணக்கில் இடது அச்சு 120 வரை போனது, வலது அச்சு 120% வரை போனது. நூற்றிருபது சதவீதம் என்று ஒன்று இங்கே கிடையவே கிடையாது. இதைவிட மோசம், சால்டர் பிரிட்ஜ் பட்டை அறையின் மேல்தளத்தைத் தொடப் போவது போல நிற்கும். அதன் 42% புள்ளியோ பட்டையின் வயிற்றுக்குள் எங்கோ கிடக்கும். பட்டையைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே பிரிட்ஜ்தான் என்று தோன்றும், கோட்டைப் பார்த்தால் பாதிகூட இல்லை என்று தெரியும். கூட்டத்தில் இருப்பவர்கள் பட்டையைத்தான் பார்ப்பார்கள்.

சரியான முறை, இரண்டு அச்சுக்கும் ஒரே உயரம் கொடுப்பது. `Format Axis` திறந்து, இடது அச்சின் `Maximum` மொத்த எண்ணிக்கையான 250, வலது அச்சின் `Maximum` 1 என்று வைக்க வேண்டும். அப்போது 105 என்ற பட்டையும் 42% என்ற புள்ளியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கோடு முதல் பட்டையின் உச்சியிலிருந்து கிளம்பும். பட்டைகள் குட்டையாகத் தெரிகின்றன என்று முதலில் யாராவது சொல்வார்கள். குட்டையாக இருப்பதுதான் உண்மை அளவு. ஒரு எச்சரிக்கை: இந்த 250 கையால் எழுதியது, அடுத்த மாதம் தானாக மாறாது. முதல் பட்டையின் உச்சியில் கோடு உட்காரவில்லையென்றால் பழைய எண் அப்படியே கிடக்கிறது. நான் அனுப்புவதற்கு முன் அந்த ஒரு இடத்தைத்தான் பார்ப்பேன்.

மூன்றாவது மாற்றத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது லைன் லீடராக இருக்கும் ஓர் அக்கா. மேலே சொன்ன வரைபடத்தைக் காட்டி, பிரிட்ஜில் கை வைப்போம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "தம்பி, ஐசி தலைகீழா உட்காந்ததுதான் எங்க உயிரை எடுக்குது. அது ஏன் உங்க படத்துல இவ்வளவு சின்னதா இருக்கு?"

நான் எண்ணியது குறைகளின் தலைகளை. அவர் நினைத்தது, அவற்றைச் சரிசெய்ய ஆகும் நேரத்தை. பிரிட்ஜ் ஒன்றைச் சுரண்டி எடுக்க 4 நிமிடம். ஐசியை வெப்பக் காற்றால் கழற்றி, புதியதைப் பொருத்தி, மறுபடி சோதிக்க 40 நிமிடம். இருவருமாக உட்கார்ந்து, ஒவ்வொரு குறைக்கும் ஆகும் நிமிடத்தை எண்ணிக்கையோடு பெருக்கினோம். பிரிட்ஜ் 420 நிமிடம், உதிரி விட்டுப்போனது 360, ஐசி 480. மாதத்துக்கு மொத்தம் 1,561 நிமிடம். எண்ணிக்கையில் ஐந்தாவதாக நின்ற ஐசி, 31 சதவீதத்தோடு முதல் பட்டையாகிவிட்டது. அதன் பிறகு இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். முதல் மூன்று காரணங்கள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அந்த 12 ஐசி இன்னொன்றையும் காட்டியது. தேதியைப் பிரித்துப் பார்த்தால் 11 ஒரே நைட் ஷிப்டில் வந்தவை. ஐசிகளை அடுக்கி வைத்திருக்கும் தட்டின் வெட்டிய மூலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியாமல் புதியவர் ஒருவர் ஏற்றியிருக்கிறார். பரேட்டோவில் காலம் கிடையாது. மாதம் முழுக்கச் சொட்டிய குறையும் ஒரே இரவில் கொட்டிய குறையும் அதில் ஒரே பட்டைதான். அதனால் முதல் மூன்று பட்டைகளுக்கும் நாள்வாரியாக ஒரு சின்னக் கோட்டு வரைபடம் போட்டுப் பார்க்காமல் இப்போது நான் எதையும் சொல்வதில்லை. ஐசி பிரச்சினைக்குத் தட்டு வைக்கும் இடத்தில் மூலையைக் காட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம்.

பிரிட்ஜ் அப்படியல்ல, அது தினமும் வந்தது. அதை மட்டும் எடுத்து, போர்டில் எந்த இடம் என்று பிரித்து இரண்டாவது பரேட்டோ போட்டேன். 105-இல் 71 ஒரே கனெக்டரில். கால்கள் நெருக்கமான கனெக்டர் அது. ஈயப் பசை அச்சிடும் ஸ்டென்சிலின் அடிப்பக்கம் 10 போர்டுக்கு ஒருமுறைதான் துடைக்கப்பட்டது. பசை அடியில் கசிந்து தங்கி அடுத்த போர்டில் பரவியது. 5 போர்டுக்கு ஒருமுறை என்று மாற்றினோம்.

அடுத்த மாத வரைபடத்தைப் போடும்போது, இடது அச்சைப் புது மொத்தத்துக்கு மாற்றி ஒன்று, பழைய 250-லேயே விட்டு ஒன்று என இரண்டு பிரதி எடுத்தேன். முதலாவதில் பிரிட்ஜ் இன்னும் பெரிய பட்டையாகத்தான் நின்றது, ஏனென்றால் மொத்தமே குறைந்துவிட்டது. பழைய அளவில் வைத்த இரண்டாவது பிரதியில்தான் அது பாதியாக இறங்கியிருந்தது அந்த அக்காவுக்குத் தெரிந்தது.