ராஜினாமா கடிதத்தை மொழிபெயர்க்கக் கொடுக்கும் ஆசிரியர்கள் கவனத்துக்கு

4,800 ரூபாய் போச்சு. ஆத்திரம் அடங்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பள்ளியில் வேலை உறுதியானதும், பழைய பள்ளியிலிருந்து முறைப்படி விலகியதற்கு ராஜினாமா கடிதமும் அதன் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்டார்கள். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனால் என் கடிதத்தை நானே மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்களாம். அதனால் ஆன்லைனில் இந்த வேலை செய்யும் ஓர் ஏஜென்சியைப் பிடித்தேன்.

போனில் பேசியவர் அவ்வளவு பணிவு. "டீச்சர், எங்க அம்மாவும் டீச்சர்தான். நீங்க நிம்மதியா பெட்டி கட்டுங்க, சீல் வெச்சு நாங்க தர்றோம்" என்றார். அம்மாவை இழுத்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? 4,800 ரூபாயையும் முன்பணமாகவே அனுப்பினேன்.

வந்த காகிதத்தில் சீல் பளபளவென்று இருந்தது. மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை, 'மூலத்துக்குச் சரியானது' என்ற உறுதிமொழியும் இல்லை. கடிதத் தேதி 01.03.2025. அதை ஜனவரி 3 ஆக்கியிருந்தார்கள். மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து மே 31 பிற்பகல் விடுவிக்கக் கேட்டிருந்தேன்; ஜனவரியிலிருந்து எண்ணினால் ஐந்து மாதம் வருகிறது.

இதைவிடக் கொடுமை வேறு. என் கடிதத்தின் ஓரத்தில் தாளாளர் தன் கையாலேயே 'ராஜினாமா ஏற்கப்பட்டது, 31.05.2025 பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்திருந்தார். ஆதாரமே அந்த இரண்டு வரிதான். அதை மொத்தமாக விட்டுவிட்டார்கள். 'நீங்கள் விலகக் கேட்டது தெரிகிறது, பள்ளி விடுவித்ததா?' என்று அங்கிருந்து மெயில் வந்தது. நியாயமான கேள்விதானே!

ஏஜென்சியைக் கேட்டால், "டைப் பண்ணதுக்குத்தான் சார்ஜ், கையால எழுதினது தனி" என்றார்கள். அப்புறம் "டீம்ல சொல்லியிருக்கோம்". அப்புறம் "திருத்த 1,500 ஆகும்". உறுதிமொழி எங்கே என்றதும் "சீல் இருக்கே மேடம்". டீச்சர் எப்போது மேடம் ஆனேனோ தெரியவில்லை! பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகு போனையே எடுப்பதில்லை. அம்மா டீச்சராம்!

சரி, சொன்னபடி சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். ஓரத்தில் எழுதியது, முத்திரை, கையெழுத்து எல்லாமே மொழிபெயர்ப்பில் வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். தேதியில் மாதத்தை எழுத்தால் போடச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னும் இருக்கிறது, இப்போது முடியவில்லை. வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறேன், அந்த வேலையைப் பார்க்க வேண்டும். 4,800 ரூபாய்!