பகுதிநேர இணைய வேலை: மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்

வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பகுதிநேரமாக வேலை செய்ய விண்ணப்பிக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வசன வரிகளைத் திருத்தும் வேலை செய்தேன். உழைத்த நேரத்தில் பாதிக்கு மேல் கூலி வரவில்லை.

என் விண்ணப்ப மின்னஞ்சலில் மூன்று விவரங்களைத் தெளிவாக எழுதியிருந்தேன். முதலாவது நேர மண்டலம்: மதுரையில் இருக்கிறேன், இந்திய நேரம், UTC+5:30. வெறுமனே IST என்று எழுதினால் போதாது. இஸ்ரேலும் அயர்லாந்தும்கூட அந்த மூன்று எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. இரண்டாவது வேலை நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை, இந்திய நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, வாரம் 20 மணி நேரம். இது கோடையில் நியூயார்க்கில் காலை 9 முதல் பகல் 1 வரை. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே அதன் பிறகு என் மாலை 6.30 அவர்களுக்குக் காலை 8 ஆகிவிடும் என்பதையும் குறிப்பிட்டிருந்தேன். மூன்றாவது கருவிகள்: Subtitle Edit மென்பொருளில் திருத்தி, .srt கோப்பாக அனுப்புவேன்.

"எல்லாம் சம்மதம்" என்று மறுநாளே பதில் வந்தது. அடுத்து ஒப்பந்தம் வந்தது. அதில் என் வேலை நேரம் எங்கும் இல்லை. "தேவைக்கேற்ப" என்ற ஒரு சொல்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இன்னொரு பிரிவு: இருதரப்புக்கும் இடையிலான முழு உடன்பாடும் இந்த ஆவணமே, இதற்கு முன் பேசியதும் எழுதியதும் செல்லாது. இதைக் குறித்துக் கேட்டேன். எல்லோருக்கும் அனுப்பும் வழக்கமான வாசகம்தான், உங்கள் மின்னஞ்சல் எங்கள் கோப்பில் இருக்கிறது என்றார் வேலைக்கு எடுத்த அம்மையார். அந்த உறுதியை நம்பிக் கையெழுத்திட்டேன்.

கோடை மாதங்களில் தொல்லை இல்லை. நவம்பரில் கடிகாரம் மாறியதும், "எங்கள் நேரம் காலை 9 முதல் 1 வரை நீங்கள் இருக்க வேண்டும்" என்றார்கள். எனக்கு அது இரவு 7.30 முதல் 11.30 வரை. கூடவே நேரத்தைக் கணக்கிடும் மென்பொருள் ஒன்றையும் கணினியில் நிறுவச் சொன்னார்கள். மின்னஞ்சலில் நான் சொன்ன கருவிகளில் அது இல்லை.

ஒரு நாள் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். 7.30 மணிக்கு நுழைந்துவிட்டேன். கோப்பு 9 மணிக்குத்தான் வந்தது. அந்த ஒன்றரை மணி நேரக் காத்திருப்புக்குக் கூலி இல்லை. மீதி 150 நிமிடங்களை அந்த மென்பொருள் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்தது. எந்தப் பத்து நிமிடத்தில் விசைப்பலகையும் மவுஸும் போதுமான அளவு அசையவில்லையோ அது சும்மா இருந்த நேரம் என்று கழிக்கப்படும். வசனம் திருத்துகிறவர் பேச்சைக் காதால் கேட்க வேண்டும். தெளிவில்லாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அப்போது கை அசையாது. உழைப்பே அங்கேதான் இருக்கிறது! அன்று அப்படி 5 துண்டுகள் கழிந்தன. நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு 6 டாலர் வீதம் 24 டாலர் வர வேண்டிய இடத்தில் 100 நிமிடத்துக்கான 10 டாலர் வந்தது. மற்ற நாட்களும் ஏறத்தாழ இப்படித்தான்.

பழைய மின்னஞ்சலை இணைத்துக் கேட்டபோது, முழு உடன்பாடு என்ற அதே பிரிவைக் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். வழக்கமான வாசகம் என்று சொன்ன அம்மையாரிடமிருந்து பதிலே இல்லை. இது அறியாமல் நடந்த தவறு என்று என்னால் நம்ப முடியவில்லை. விண்ணப்பத்தில் நேரத்தையும் கருவிகளையும் கேட்டு வாங்கியவர்கள், அவற்றை ஒப்பந்தத்துக்குள் மட்டும் வரவிடவில்லை.

நீங்கள் விண்ணப்பிக்கும்போது அந்த மூன்று விவரங்களோடு இரண்டு கேள்விகளையும் எழுதுங்கள்: கோப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? வேலை நேரத்தை எந்த மென்பொருள், எதை வைத்துக் கணக்கிடும்? பதில் வந்ததும் அந்தக் கடிதப் போக்குவரத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, "இணைப்பும் இந்த உடன்பாட்டின் பகுதியே" என்ற வரியை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வேலை வேண்டாம்.

இப்போது அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள், விலகல் கடிதம் அனுப்பும் முன்பே நேரக் கணக்கின் பதிவுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் கடிதம் அனுப்பிய அன்றே என் கணக்கை மூடிவிட்டார்கள். முன்பே எடுத்து வைத்திருந்த படங்கள் மட்டும்தான் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் பாக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.