15ஆம் தேதி நள்ளிரவா, 15ஆம் தேதி இரவு 11:59ஆ?

மதியம் ஒருவர் “இன்று நள்ளிரவுக்குள்” என்றால், வரப்போகும் நள்ளிரவையே அனைவரும் நினைக்கிறோம். அதோடு முடிவது இன்றைய தேதிதான். “15ஆம் தேதி நள்ளிரவுக்குள்” என்று எழுதும்போதோ பொருள் இரண்டாகப் பிரிகிறது. ஒரு தேதிக்கு நள்ளிரவு இரு முனைகளிலும் உண்டு: 24 மணி நேரக் கடிகாரத்தில் 15ஆம் தேதி 00:00 என்பது 14ஆம் தேதி முடியும் கணம், 15ஆம் தேதி 24:00 என்பது 16ஆம் தேதி தொடங்கும் கணம்.

விண்ணப்பம் அனுப்புபவர் 15ஆம் தேதி முழுவதும் தமக்கு இருப்பதாக நம்பி இரவு 10 மணிக்கு வருகிறார். கெடு நிர்ணயித்தவர் நேரத்தைக் குறிப்பிடாமல் தேதியை மட்டும் பதிந்திருந்தால், பல மென்பொருள்கள் அதை 00:00 என்றே கொள்வதால், வாயில் 22 மணி நேரத்துக்கு முன்பே மூடியிருக்கும். எந்தப் பொருள் என்று கேட்க வழியில்லையென்றால், 14ஆம் தேதிக்குள் அனுப்புவதே பாதுகாப்பு.

“15ஆம் தேதி இரவு 11:59” என்பதில் தேதி குறித்த ஐயமே எழாது. 11:59:30க்கு வந்தது செல்லுமா என்ற கேள்வி மட்டும் எஞ்சும். அது ஒரு நிமிடச் சிக்கல், முந்தையது ஒரு நாள் சிக்கல். ஆகவே நான் இதையே பரிந்துரைப்பேன், எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து.