2 கிலோவாட்டா, 3 கிலோவாட்டா: தண்டையார்பேட்டை மாடியில் ஒரு சோலார் கணக்கு

தண்டையார்பேட்டையில் கீழும் மேலுமாக ஒரே குடும்பம், ஒரே மீட்டர், இரண்டு ஏசி. இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 800 யூனிட் ஓடுகிறது. மாடியில் சோலார் போடலாம் என்று கேட்டால் கைக்கு இரண்டு கொட்டேஷன் வருகிறது. 2 கிலோவாட்டுக்கு 1,40,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 1,95,000 ரூபாய். "சார், மூணாவே போட்டுடுங்க, பில்லே வராது" என்பார் விற்க வந்தவர். பில் வராது என்பது உண்மைதான். ஆனால் போட்ட பணம் எப்போது திரும்பும் என்பது வேறு கேள்வி.

முதலில் மானியத்தைக் கழித்துவிடுவோம். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் 78,000தான். ஆக 2 கிலோவாட் கையிலிருந்து 80,000, 3 கிலோவாட் 1,17,000. இந்த மானியம் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், முதலில் முழுப் பணத்தையும் புரட்ட வேண்டும். இந்தியாவிலேயே செய்த செல் கொண்ட டிசிஆர் பேனல்களுக்குத்தான் மானியம் உண்டு. சந்தேகப்படும்படி மலிவாக ஒரு கொட்டேஷன் வந்தால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது மிச்சம். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். நம் ஊர் கரண்ட் பில்லில் எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை. 2024 ஜூலைக்குப் பிந்தைய வீட்டு வீதத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு முதல் 100 இலவசம், அப்புறம் 400 வரை 4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45 ரூபாய். 500-க்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை 2.35தான். சோலார் மேலிருந்து கீழாகத்தான் யூனிட்டைக் குறைக்கும். அதனால் முதலில் குறைவது விலை உயர்ந்த யூனிட், கடைசியில் குறைவது இலவச யூனிட்.

சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம், இரண்டு மாதத்துக்கு 240. ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், கோடையில் ஈடு கட்டும். பகலில் வெளியே போகும் யூனிட், இரவில் எடுப்பதோடு நெட் மீட்டரில் கழிந்துவிடும். 800 யூனிட் வீட்டின் கணக்கு இப்படி வருகிறது:

| | சோலார் இல்லாமல் | 2 கிலோவாட் | 3 கிலோவாட் |
|---|---|---|---|
| இ.பி. கணக்கிடும் யூனிட் | 800 | 320 | 80 |
| இரண்டு மாத பில் | 4,770 | 799 | 0 |
| மாத மிச்சம் | – | 1,985 | 2,385 |
| கையிலிருந்து போட்டது | – | 80,000 | 1,17,000 |
| திரும்ப வரும் காலம் | – | 40 மாதம் | 49 மாதம் |

49 மாதமும் மோசமில்லையே என்று தோன்றும். மூன்றாவது கிலோவாட்டைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அதற்காக நீங்கள் கூடுதலாகப் போடுவது 37,000. அது மிச்சப்படுத்துவது மாதம் 400 ரூபாய்தான். அந்த 37,000 திரும்ப ஏழே முக்கால் வருடம் ஆகும். முதல் இரண்டு கிலோவாட்டின் வேகமான வசூல், மூன்றாவதின் மந்தத்தை மறைத்துவிடுகிறது. தவிர, கணக்கு 80 யூனிட்டில் நிற்கும்போது, சும்மாவே கிடைத்திருக்கும் 20 இலவச யூனிட்டையும் காசு கொடுத்து வாங்கின பேனலால் நிரப்பியிருக்கிறோம். பயன்படுத்தாத இலவச யூனிட் அடுத்த பில்லுக்கு வராது.

விற்பவரின் தாளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். மாதம் 360 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய், மாத மிச்சம் 2,880, மூன்று வருடம் ஐந்து மாதத்தில் பணம் வந்துவிடும். பெருக்கல் சரி. ஆனால் இந்த வீட்டின் மாத பில்லே 2,385தானே? கட்டாத பணத்தை எப்படி மிச்சப்படுத்துவது? கொட்டேஷனில் "ஒரு யூனிட் இத்தனை ரூபாய்" என்று ஒற்றை விலை கண்டால், ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பழைய பில், புதிய பில் என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோடை பில்லும் மார்கழி பில்லும் ஒரே படியில் இருக்காது. பில்லில் சோலாருக்கென்று தனிக் கட்டணம் ஏதாவது வந்தால் அதையும் மிச்சத்திலிருந்து கழிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் 400 யூனிட்டுக்கு 1,175 ரூபாய் பில். அவர்கள் இதே 2 கிலோவாட்டைப் போட்டால் பில் பூஜ்யமாகும், ஆனால் வருடத்துக்கு மிச்சம் 7,050தான். 80,000 திரும்பப் பதினோரு வருடம் தாண்டும். அதற்குள் இன்வெர்ட்டரை ஒரு தடவை மாற்ற வேண்டிவரலாம். அவர்களுக்கு 75,000 ரூபாய் கொட்டேஷனில் 1 கிலோவாட், மானியம் போக 45,000. அதுகூட ஏழு வருடத்துக்கு மேல். எனக்குக் கேட்டால் அந்த வீட்டுக்கு இப்போது சோலார் வேண்டாம்.

வடசென்னையில் கட்டாயம் வரும் கேள்வி, தூசி. எண்ணூர் பக்கத்துச் சாம்பலும், கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியும் இரண்டு வாரத்தில் பேனல் மேல் சாம்பல் நிறப் படலமாகப் படியும். விரலால் இழுத்தால் கோடு தெரியும். பத்தில் ஒரு பங்கு உற்பத்தி போகிறது என்றே வைத்துக்கொண்டாலும், 2 கிலோவாட்டின் 40 மாதம் 43 ஆகிறது, அவ்வளவுதான். போகும் யூனிட் எல்லாம் 4.70 ரூபாய் படியில் இருப்பதே காரணம். அதிகாலையில் ஈர மாப் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைக் கறை பிடிக்கும், மெட்ரோ தண்ணீர் நல்லது.

தூசியைவிட எனக்கு நிழல்தான் பயம். தண்ணீர் டேங்கின் நிழல் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைத்தவற்றின் உற்பத்தியும் சேர்ந்து சரியும். தூசிக்குத் தினசரி யூனிட் மெல்லக் குறைந்து, கழுவியதும் ஏறும். நிழலுக்குத் தினமும் அதே நேரத்தில் இன்வெர்ட்டர் செயலியில் கோடு பள்ளமாக விழும். கையெழுத்துப் போடும் முன் காலை 9-க்கும் மாலை 4-க்கும் மாடியில் நின்று பார்த்துவிட வேண்டும். டிசம்பரில் நிழல் நீளம், மே மாதத்தில் பார்த்தது உதவாது. கடற்கரைக்கு அருகில் என்றால் தாங்கும் சட்டம் சூடான துத்தநாக முலாம் பூசியதாகவும், போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் சேமிக்கும் சில ஆயிரம், துருவில் போய்விடும்.

சரி, 3 கிலோவாட் யாருக்கு? இதே வீட்டில் மகனுக்குக் கல்யாணமாகி மாடி அறைக்கு மூன்றாவது ஏசி வருகிறது என்று வைப்போம், தினம் 4 யூனிட் கூடும். மொத்தம் 1,040. 2 கிலோவாட்டில் கணக்கு 560-ல் நின்று, 500-ஐத் தாண்டிவிட்டதால் பில் 2,544. 3 கிலோவாட்டில் அது 320, பில் 799. இப்போது மூன்றாவது கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 1,745 மிச்சப்படுத்துகிறது, அதே 37,000 மூன்றரை வருடத்தில் திரும்புகிறது. அந்த ஏசி அடுத்த வருடத்துக்குள் வருவது உறுதி என்றால் 3 போடலாம். வெறும் பேச்சாக இருந்தால் 2 போதும்.