காலியிடம் இல்லாத கம்பெனிக்கு இரண்டு கடிதங்கள்

மெக்கானிக்கல் முடித்த என் தம்பி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை பராமரிக்கும் கம்பெனி ஒன்றுக்கு இரண்டு கடிதம் எழுதினான். முதலாவது மனிதவளப் பிரிவுக்கு: 'தகுதிக்கேற்ற எந்த வேலையும் தாருங்கள்.' காலியிடமே இல்லாதபோது இதை யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்கே தெரியாது.

இரண்டாவதைத் தள மேலாளருக்கு எழுதினான். 'காற்று சீசன் தொடங்குமுன் கியர்பாக்ஸ் எண்ணெய், போல்ட் இறுக்கம் எல்லாம் பார்ப்பீர்கள். கல்லூரி புராஜெக்டில் பேரிங் அதிர்வை அளந்திருக்கிறேன். கோபுரம் ஏறத் தயங்க மாட்டேன். பிப்ரவரி முதல் மூன்று மாதம் டிரெய்னியாக வரலாமா?'

எனக்கு இதுதான் சரி. ஆம், இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இதையே ஜூலையில் அனுப்பினால் எடுபடாது. நல்ல காற்றடிக்கும்போது எந்திரத்தை நிறுத்தி வேலை பார்க்க யாருக்கும் மனம் வராது.