ஏற்காடு மலைப்பாதையில் இன்டக்ஷன் மோட்டாரும் காந்த மோட்டாரும்: இரண்டு கார் ஓட்டிய அனுபவம்

என்னிடம் முதலில் இருந்தது இன்டக்ஷன் மோட்டார் வைத்த பழைய சிறிய மின்சார செடான். சில வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்தேன். இப்போது வைத்திருப்பது நிரந்தர காந்த மோட்டார் வைத்த எஸ்யுவி. வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம், வேலை அடிக்கடி ஏற்காட்டில். அதனால் கோரிமேடு, அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவு, ஒண்டிக்கடை என்ற அதே பாதையில் இரண்டு வண்டியும் நிறைய ஓடியிருக்கின்றன. காந்த மோட்டார் "ஐந்தாறு சதவீதம் சிக்கனம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மலைப்பாதையில் அந்த ஐந்தாறு சதவீதம் எவ்வளவாக மாறுகிறது என்பதை யாரும் சரியாக விளக்கி நான் படித்ததில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். இன்டக்ஷன் மோட்டார் நமக்குப் புதிதல்ல, தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் அதே ஜாதிதான். உள்ளே சுழலும் பாகமான ரோட்டாரில் காந்தம் கிடையாது, அலுமினியத்திலோ தாமிரத்திலோ செய்த ஒரு கூண்டுதான் இருக்கும். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டாரில் சுழலும் காந்தப்புலம் அந்தக் கூண்டில் மின்னோட்டத்தைத் தூண்டினால்தான் இழுவை பிறக்கும். தூண்ட வேண்டுமென்றால் ரோட்டார் அந்தப் புலத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுழல வேண்டும். இந்தப் பின்தங்கலைத்தான் ஸ்லிப் என்கிறோம். ரோட்டாருக்குள் போகும் சக்தியில் ஸ்லிப் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் அங்கேயே சூடாகப் போய்விடும். காந்த மோட்டாரில் ரோட்டார் புலத்தோடு சேர்ந்தே சுழல்கிறது. ஸ்லிப் இல்லை, அந்த இழப்பும் இல்லை.

மலையில் இது ஏன் பெரிதாகிறது? ஓர் இழுவைக்கு இவ்வளவு என்று ஸ்லிப் ஹெர்ட்ஸ் கணக்கில் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். ஏற்றத்தில் தேவைப்படும் இழுவைக்கு 2 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்கு 100 ஹெர்ட்ஸ் போகும்போது, அதாவது சிறிய கார் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, அது 2 சதவீதம். அதே இழுவையோடு வளைவில் லோடு லாரிக்குப் பின்னால் ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் மோட்டாருக்குப் போவது 20 ஹெர்ட்ஸ்தான். இப்போது அதே 2 ஹெர்ட்ஸ் 10 சதவீதம் ஆகிவிடுகிறது. வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருப்பதால் இழுவை இன்னும் கூடும், ஸ்லிப்பும் கூடும். மோட்டார் ரீவைண்டிங் செய்யும் நண்பர் ஒருவர் என் பழைய வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, காயில் சூடானா வெளிப்பக்கமா காத்தோ தண்ணியோ விட்டு ஆத்திடலாம். கூண்டு நடுவுல சுத்திக்கிட்டு இருக்கு, அந்தச் சூடு வெளிய வர்றது கஷ்டம்." விடுமுறை நாள் நெரிசலில் அந்த வண்டி மேல் வளைவுகளில் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டதற்கு இந்தச் சூடுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இனி கணக்குக்கு வருவோம். இரண்டு வண்டியும் எடையிலும் டயரிலும் வேறுவேறு. அவற்றின் மீட்டரை நேராக ஒப்பிட்டால் மோட்டாரின் பங்கு தெரியாது. எனவே ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள ஒரே காரில் மோட்டாரை மட்டும் மாற்றிப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,220 மீட்டர். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 5.3 யூனிட் வேண்டும். 30 கிலோமீட்டர் பாதைக்கு டயர் உராய்வும் காற்றும் சேர்ந்து 1.6 யூனிட் கேட்கும். ஆக, சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டியது ஏறக்குறைய 7 யூனிட். இந்த மெதுவான ஏற்றத்தில் காந்த மோட்டாரின் செயல்திறன் 91 சதவீதம், இன்டக்ஷனுக்கு 85 என்று எடுத்துக்கொண்டால், முதலாவது 7.7 யூனிட் எடுக்கும், இரண்டாவது 8.2. அரை யூனிட்தான் வித்தியாசம். இதுவரை எல்லோரும் சொல்கிற ஆறு சதவீதக் கதைதான்.

இறங்கும்போதுதான் விஷயம் இருக்கிறது. தூக்கிய 5.3 யூனிட்டில் உராய்வுக்கும் காற்றுக்கும் 1.6 போக, 3.7 சக்கரத்தில் மிஞ்சும். அது, மோட்டாரையே ஜெனரேட்டராக ஓட்டும் ரீஜென் வழியாக, மறுபடியும் அதே மோட்டாருக்குள் நுழைந்துதான் பேட்டரிக்குப் போக வேண்டும். காந்த மோட்டார் 3.3 யூனிட்டைத் திருப்பித் தரும் என்றால் இன்டக்ஷன் 3.1 தரும். போய்வர நிகரச் செலவு முதலாவதற்கு 4.4, இரண்டாவதற்கு 5.1. மோட்டாரில் ஆறு சதவீதமாக இருந்தது பயணத்தில் பதினாறு சதவீதமாகிவிட்டது! ஒரே மின்சாரம் மோட்டாரை இரண்டு முறை கடக்கிறது, ஒவ்வொரு முறையும் வரி கட்டுகிறது, ஆனால் நிகரச் செலவோ சின்னது. இன்வெர்ட்டர், கியர், பேட்டரி இழப்பை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டு பக்கமும் எண்கள் கூடும், போக்கு மாறாது.

போய்வர வரும் இந்த 0.7 யூனிட் வித்தியாசத்தை டேஷ்போர்டு சதவீதத்தில் தேடாதீர்கள். 30 யூனிட் பேட்டரியில் ஒரு சதவீதம் என்பதே 0.3 யூனிட். ஒரு மணி நேரம் ஏசி போட்டாலே இந்த வித்தியாசத்துக்கு மேல் தின்றுவிடும். ஏசியை அணைத்து, நெரிசல் இல்லாத காலையில், வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓபிடி கருவியில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பதிவு செய்து கூட்டினால்தான் ஏதாவது தெரியும்.

பெங்களூரு ரோட்டில் கதை வேறு. சமவெளியில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இப்படிப்பட்ட காருக்குச் சக்கரத்தில் 14 கிலோவாட் அளவில் போதும், இழுவை குறைவு, சுழற்சி அதிகம். இன்டக்ஷனில் ஸ்லிப் ஒரு சதவீதத்தை ஒட்டி வந்துவிடும், காந்தப்புலத்தையும் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். காந்த மோட்டாரில் காந்தத்தை அணைக்க முடியாது. வேகம் ஏற ஏற அந்தப் புலத்தை அடக்குவதற்கென்றே தனியாக மின்னோட்டம் செலவாகும், இரும்பிலும் இழப்பு இருக்கும். அதனால் இடைவெளி இரண்டு மூன்று சதவீதமாகச் சுருங்கும். மின்சாரம் ஒருமுறைதான் மோட்டாரைக் கடப்பதால் அது பெருகவும் வழியில்லை. தொப்பூர் இறக்கத்தில் கால் எடுத்து உருளவிட்டபோது பழைய வண்டி இன்னும் இலகுவாக ஓடியதாகவே எனக்குப் பட்டது. இரண்டு மோட்டார் வைத்த டெஸ்லா மாடல் 3-இல் பின்னால் காந்த மோட்டாரும் முன்னால் இன்டக்ஷனும் வைத்ததற்கு இதுவே நியாயமான காரணம்: தேவையில்லாதபோது முன் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தினால் அது இழுவைத் தடையே இல்லாமல் சும்மா சுற்றும்.

ஆகவே சேலம், பெங்களூரு என்று சமவெளியில் மட்டும் ஓடுபவர் மோட்டார் வகைக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வாரம் தவறாமல் மலை ஏறுபவருக்கு நான் காந்த மோட்டாரைத்தான் சொல்வேன்.

எந்த மோட்டாராக இருந்தாலும், ஏற்றத்தில் நின்றால் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். சக்கரம் சுழலாதபோது உள்ளே போகும் அத்தனையும் சூடுதான்; இன்டக்ஷனில் கூண்டும் சேர்ந்து காயும். பிரேக்கில் நில்லுங்கள். ஏற்காட்டில் சார்ஜ் போட்டால் 85 சதவீதத்தோடு நிறுத்துங்கள், நிரம்பிய பேட்டரி ரீஜெனை ஏற்காது, இருபது வளைவும் பிரேக் பேடிலேயே இறங்க வேண்டிவரும். அப்புறம், காந்த மோட்டார் வண்டி பழுதாகி நின்றால் சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்க விடாதீர்கள். காந்தம் சுற்றினால் சாவி போடாமலே மின்னழுத்தம் பிறக்கும், அது இன்வெர்ட்டரைப் பதம் பார்க்கலாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.