மாமியாருக்கும் தங்கைக்கும் இடம் எங்கே? குழுக் காப்பீடும் ஃபேமிலி ஃப்ளோட்டரும்

பாம்பனைச் சேர்ந்த ஒருவர் சென்னையில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிகிறார் என்று கொள்வோம். அவருடைய வருமானத்தை நம்பி மனைவி, இரண்டு மாதக் குழந்தை, கணவரை இழந்த தாய், கல்லூரியில் படிக்கும் 21 வயதுத் தங்கை ஆகியோர் ஊரில் இருக்கிறார்கள். கணவரை இழந்த மாமியாரும் அதே வீட்டில்தான் வசிக்கிறார்.

நிறுவனம் ஊழியர்களுக்கு எடுத்துத்தரும் குழு மருத்துவக் காப்பீட்டில் மனைவிக்கு இடமுண்டு. குழந்தையையும் பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்தே சேர்க்கலாம். சிக்கல் பெரியவர்களிடம்தான் தொடங்குகிறது. பெற்றோரைச் சேர்க்க இடம்தரும் பல நிறுவனங்கள், தன் பெற்றோர் அல்லது துணையின் பெற்றோர் என ஒரு தரப்பை மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கொருவரைச் சேர்க்க அனுமதிப்பதில்லை. ஆகவே தாயைச் சேர்த்தால் மாமியாருக்கு இடமில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணம் முழுவதையும் அண்ணனே கட்டினாலும், பொதுவாக அவர் சார்ந்தோர் பட்டியலில் வருவதில்லை.

குடும்பம் முழுவதையும் ஒரே பாலிசியில் சேர்க்கும் ஃபேமிலி ஃப்ளோட்டரின் வரையறை வேறு. 2020 முதல் விற்பனையில் உள்ள ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பொதுத் திட்டத்தில் பெற்றோரும் மாமனார் மாமியாரும் குடும்பத்தினராகவே கருதப்படுவதால், இரண்டு தாய்மாரையும் ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்திருக்க வேண்டும். எனினும் மூத்தவரின் வயதை ஒட்டியே பிரீமியம் உயர்வதாலும், ஒரே காப்புத் தொகையை எல்லாரும் பகிர்வதாலும், முதியவர்களுக்குத் தனிப் பாலிசி எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

தங்கைக்கும் இதில் வழியுண்டு. அண்ணன் பாலிசிதாரராக இருந்தால் தங்கை உடன்பிறந்தவர் என்பதால் இடமில்லை. தாய் பாலிசிதாரராக இருந்தால் தங்கை அவரைச் சார்ந்த பிள்ளை, 25 வயது வரை இடம்பெறலாம். இடையில் வேலை கிடைத்துத் தன் காலில் நின்றுவிட்டால், அடுத்த புதுப்பித்தலில் அவரைச் சேர்க்க முடியாது என்பதால், அதை அப்போதே தெரிவித்துவிட வேண்டும்.

சான்று கேட்கப்படும் நேரமும் வேறுபடுகிறது. ஃப்ளோட்டரில் முன்மொழிவுப் படிவத்தில் எழுதிய உறவை முதலில் அப்படியே ஏற்றுக்கொண்டு, கிளெய்ம் வரும்போது ஆவணம் கேட்பதுண்டு. குழுக் காப்பீட்டிலோ காலக்கெடுதான் முக்கியம்: ஆண்டின் நடுவே புதிதாக மணந்த துணையையும் பிறந்த குழந்தையையும் மட்டுமே, பெரும்பாலும் 30 நாளுக்குள், சேர்க்க முடியும். இந்தக் கரையில் பலரிடம் தேவாலயத்தின் அல்லது ஜமாஅத்தின் திருமணச் சான்று மட்டுமே இருக்கிறது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து பெறும் சான்று கையிலிருந்தால் மறுகேள்வி எழாது.

தாய் என்பதை நிறுவ, அவர் பெயர் உள்ள ஊழியரின் பிறப்புச் சான்றிதழோ கடவுச்சீட்டோ போதும். அதில் இருக்கும் பெயரும் தாயின் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றில் தந்தையின் முதலெழுத்தும் மற்றொன்றில் கணவரின் முதலெழுத்தும் இருப்பது நம் பக்கம் மிகச் சாதாரணம். மருத்துவமனையில் கிளெய்ம் தாமதமாக அதுவே காரணமாகலாம் என்பதால், சேர்ப்பதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள்.